அஸ்தமா, சித்திரையா?

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பால்ய நண்பனின் மகள் தனியாக வந்து வாசலில் நின்றாள். ஜாதகம் பார்க்கப் பெண்கள் தனியாக வருவது அபூர்வம். அப்பா வருவார், அம்மா வருவார், பெரியப்பா வருவார். யாருடைய கல்யாணமோ அந்தப் பெண் மட்டும் வரமாட்டாள். இவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே மூன்று ஜாதகங்கள். ஒன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. ஒன்று கணினியில் அச்சடித்த வழவழப்பான தாள். மூன்றாவது அவளுடையது, இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் யாரோ நீல மையில் எழுதியது, மடிப்பில் கிழிந்து ஒட்டுத்தாள் போட்டது.

"உட்காரம்மா. அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்."

நான் தொழில்முறை ஜோதிடன் இல்லை. தாத்தா பார்த்தார், அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதிக் காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு மயிலாடுதுறையில் தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்க்கிறேன். அதனால்தானோ என்னவோ, எனக்கு இதில் பலனைவிடக் கணக்கில்தான் கண் போகும்.

மஞ்சள் தடவிய ஜாதகம் வீட்டில் பார்த்த வரன். கோயம்புத்தூரில் வேலை, உத்திரட்டாதி நட்சத்திரம், மீன ராசி. கணினித் தாள் அவள் தேர்ந்தெடுத்தவனுடையது. சென்னையில் அவளோடு வேலை பார்க்கிறவன், வேறு சாதி, திருவோணம், மகர ராசி. ஐந்து வருடப் பழக்கம். வீட்டில் சொன்னதும் பெரிய சண்டையொன்றும் நடக்கவில்லையாம். அப்பா கோபப்படாமல், "ஜாதகம் கொடுக்கச் சொல், பார்ப்போம்" என்றிருக்கிறார். குடும்ப ஜோதிடர் இரண்டையும் பார்த்துவிட்டு, வீட்டு வரனுக்கு ஏழு பொருத்தம், இந்தப் பையனுக்கு ரஜ்ஜு இல்லை, செய்யவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சாப்பிடும்போதெல்லாம் அழுகிறாள்.

அம்மாவின் அழுகைக்குக் காரணம் இருக்கிறது. பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜுவைத்தான் தாலிப் பொருத்தம் என்பார்கள். இருபத்தேழு நட்சத்திரங்களையும் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று ஐந்து உறுப்புகளுக்குப் பிரித்துவைத்திருக்கிறார்கள். பெண்ணும் பிள்ளையும் ஒரே உறுப்பில் வந்தால் பொருத்தம் இல்லை. இவள் ஜாதகத்தில் எழுதியிருந்தது அஸ்தம், கன்னி ராசி. அஸ்தமும் கழுத்து, திருவோணமும் கழுத்து. கழுத்து ரஜ்ஜு மோதினால் பெண்ணின் ஆயுளுக்கு ஆகாது என்று நூல் சொல்லும். ஏறுமுகம், இறங்குமுகம் என்று ஒரு விலக்கு உண்டு. ஒன்று ஏறி மற்றது இறங்கினால் சிலர் ஒப்புக்கொள்வார்கள். அஸ்தமும் திருவோணமும் இரண்டுமே ஏறுமுகம். அந்தக் கதவும் அடைப்பு. ஒரு தாயிடம் போய், இவனைக் கட்டினால் உன் மகள் இருக்கமாட்டாள் என்று சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்?

ஆகவே குடும்ப ஜோதிடர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த தாளின்படி அவர் சொன்னது சரி. நான் அந்தத் தாளைத்தான் பார்த்தேன்.

"அஸ்தம் 4-ம் பாதம்" என்று எழுதியிருந்தது. எனக்கு உடனே ஒரு நமைச்சல். நட்சத்திரம் நான்காம் பாதமோ முதல் பாதமோ என்றால் எதையும் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது தாத்தாவின் பாடம்: எந்தப் பஞ்சாங்கம்? தாளின் கீழே பார்த்தேன். "கர்ப்பச்செல் நீக்கி சந்திர தசை இருப்பு 0 வருஷம் 7 மாதம்" என்று இருந்தது. அஸ்தத்தில் பிறந்தவருக்கு முதலில் ஓடும் சந்திர தசை மொத்தம் பத்து வருடம், நட்சத்திரத்தில் எவ்வளவு கடந்து பிறந்தாரோ அந்த விகிதத்தில் அது குறையும். ஏழு மாதம்தான் மிச்சம் என்றால், அஸ்தம் முடிய ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத சமயத்தில் இவள் பிறந்திருக்கிறாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கையால் எழுதியது என்றால் பெரும்பாலும் வாக்கியப் பஞ்சாங்கம்தான், பாம்புப் பஞ்சாங்கம் என்று கடைகளில் தொங்குமே, அந்த வகை.

வாசிக்கிறவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இரண்டு கணக்கு ஓடுகிறது. வாக்கியம் என்பது பழைய சூத்திர வாக்கியங்களை வைத்துச் சந்திரனின் இடத்தைக் கணக்கிடுவது. கோயில்களில் பெரும்பாலும் இதுதான். திருக்கணிதம் என்பது வானத்தில் இன்று காணும் கிரக நிலைக்கு ஒத்துவரும்படி திருத்திய கணக்கு. கணினி ஜாதகங்கள் பெரும்பாலும் இதன்படியே வருகின்றன. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இரண்டு கணக்குக்கும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில நாள் நிமிடக் கணக்கிலும், சில நாள் சில மணி நேரமும்கூட வித்தியாசம் வரும். நட்சத்திரத்தின் நடுவில் பிறந்தவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஓரத்தில் பிறந்தவருக்கு நட்சத்திரமே மாறிவிடும்.

பரணில் இருந்த பழைய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை எடுத்துத் தூசு தட்டினேன். அவள் பிறந்தது பகல் 2.40. வாக்கியத்தில் அன்று அஸ்தம் மாலை 4 மணி தாண்டி இருந்தது. திருக்கணிதத்தில் 1 மணிக்கே முடிந்துவிட்டது. அதாவது ஒரு கணக்கில் இவள் அஸ்தம் நான்காம் பாதம். இன்னொரு கணக்கில் சித்திரை முதல் பாதம். ராசி இரண்டிலும் கன்னிதான். பையன்கள் இருவருக்கும் நட்சத்திரம் நடுப்பாகத்தில் இருந்ததால் எந்தக் கணக்கிலும் மாற்றமில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. குடும்ப ஜோதிடர் பெண்ணுக்கு வாக்கியத் தாளையும் பையனுக்குத் திருக்கணிதக் கணினித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் எண்ணியிருக்கிறார். வங்கியில் ஒரு பேரேட்டின் வரவையும் இன்னொரு பேரேட்டின் செலவையும் வைத்து இருப்புக் கட்டினால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஒரு பழைய கணக்கு நோட்டில் இரண்டு பத்தி போட்டு அவள் எதிரிலேயே எண்ணினேன். பெண் நட்சத்திரத்திலிருந்து பிள்ளை நட்சத்திரம் வரை எண்ண வேண்டும்.

முதலில் அஸ்தம். அதிலிருந்து திருவோணம் பத்தாவது. பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று, தினம் இல்லை. இருவரும் தேவ கணம், கணம் உண்டு. பத்து என்பதால் மாகேந்திரம் உண்டு. ஸ்திரீ தீர்க்கம் மத்திமம். அஸ்தத்தின் எருமைக்கும் திருவோணத்தின் குரங்குக்கும் பகையில்லை, யோனி உண்டு. கன்னிக்கு மகரம் ஐந்தாவது, ராசி இல்லை. புதனும் சனியும் ஒத்துப்போவார்கள், அதிபதி உண்டு. வசியம் இல்லை, வேதை இல்லாததால் அது பொருத்தம். ரஜ்ஜு மோதல். ஐந்து உண்டு, ஒன்று மத்திமம், ஆனால் தாலிப் பொருத்தம் போயிற்று. கோயம்புத்தூர் வரனுக்கோ ரஜ்ஜு, வேதை, யோனி, ராசி, வசியம், கணம், ஸ்திரீ தீர்க்கம் என்று ஏழு. ஜோதிடர் சொன்ன அதே ஏழு.

இப்போது அவளைச் சித்திரை என்று வைத்தேன். சித்திரை தலை ரஜ்ஜு, திருவோணம் கழுத்து. மோதல் போய்விட்டது! எண்ணிக்கை ஒன்பது ஆனதால் தினமும் வந்துவிட்டது. ஆனால் சித்திரை ராட்சச கணம், பையன் தேவ கணம், அதனால் கணம் போயிற்று, மாகேந்திரமும் போயிற்று. மறுபடி ஐந்து, ஒன்று மத்திமம். அந்தப் பக்கம் கோயம்புத்தூர் வரனுக்கு உத்திரட்டாதி பதின்மூன்றாவதாக வந்து தினமும் மாகேந்திரமும் சேர்ந்தன. ஆனால் சித்திரைக்குப் புலி, உத்திரட்டாதிக்குப் பசு. புலிக்கும் பசுவுக்கும் ஜன்மப் பகை. யோனி போயிற்று, கணமும் போயிற்று. ஆறும் ஒரு மத்திமமும். யோனி இல்லாத வரனை ரஜ்ஜு இல்லாத வரனுக்கு அடுத்தபடியாக ஒதுக்குகிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அவள் இரண்டு பத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படியென்றால் எது உண்மை மாமா?"

இந்தக் கேள்விக்கு நேரான பதில் எனக்கு உண்டு. வானத்தில் சந்திரன் அன்று 2.40-க்கு எங்கே இருந்தது என்று கேட்டால் திருக்கணிதம் சொல்வதுதான். ஆனால் பொருத்த விதிகளை எழுதியவர்கள் எந்தக் கணக்கை மனதில் வைத்து எழுதினார்கள் என்று வாக்கியக்காரர்கள் கேட்பார்கள். அந்த வாதம் தாத்தா காலத்திலேயே தீராதது. நான் அவளிடம் சொன்னது வேறு. எந்தத் தாளைப் பிடித்தாலும் மூன்று பேருக்கும் அதே கணக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் அது பொருத்தமே இல்லை என்றேன். இரண்டாவது, இந்தப் பத்தும் என்ன கேட்கிறது என்று பார் என்றேன். உன் நட்சத்திரம், அவன் நட்சத்திரம். அவ்வளவுதான். திருவோணத்தில் பிறந்த ஆண் யாராக இருந்தாலும் இதே மதிப்பெண். குடிகாரனாக இருந்தாலும் இதே, கோயில் தர்மகர்த்தாவாக இருந்தாலும் இதே. பத்துப் பொருத்தம் ஒரு வரனை வடிகட்டுவதற்காக வந்தது. இரண்டு ஆண்களை எதிரெதிரே நிறுத்தி யார் மேல் என்று கேட்டால், அதற்கு அதனிடம் விடையே கிடையாது.

ஏழாம் இடம், சுக்கிரன், ஐந்துக்கும் ஏழுக்கும் தொடர்பு இருந்தால் காதல் கல்யாணம் என்பார்களே, அதையும் கேட்டாள். பார்த்தேன், தொடர்பு இருந்தது. அது எத்தனை ஜாதகத்தில் இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அதுவும் ஆளின் பெயரைச் சொல்லாது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன், தெரிந்த ஒருவர் தன் மகள் ஜாதகத்தோடு இன்னொரு ஜாதகத்தையும் கொண்டுவந்தார். பையன் வேறு சாதி. "கொஞ்சம் கறாராகவே பாருங்கள்" என்றார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வேதை, ரஜ்ஜு எல்லாம் சரியாக இருந்தும், கணத்தையும் ராசியையும் பிடித்துக்கொண்டு ஆகாது என்று எழுதிக்கொடுத்தேன். நம் ஊரில் "ஜாதகம் பொருந்தவில்லை" என்பது மறுப்பதற்கான மரியாதையான சொல். பெண் பிடிக்கவில்லை என்றாலும் அதுதான், பணம் போதவில்லை என்றாலும் அதுதான், சாதி வேறு என்றாலும் அதுதான். யாருக்கும் மனம் புண்படாமல் கிரகத்தின் மேல் பழி போய்விடும். அன்று அந்தச் சொல்லை நான் அவருக்குக் கடனாகக் கொடுத்தேன். அந்தப் பெண் பிறகு ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள், நின்று பேசவில்லை. அதற்குப் பிறகு யாராவது "கறாராக" என்று தொடங்கினால் தாளை வாங்கவே மாட்டேன்.

இவள் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சாங்கத்தை மூடி ஓரமாக வைத்தேன். தாத்தாவிடம் இருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் அது. மூடிய பிறகு பேசுவது ஜோதிடம் இல்லை, வயதானவன் பேச்சு என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

வந்ததிலிருந்து அவள் கேட்ட கேள்விகளை நான் மனதில் குறித்துக்கொண்டே இருந்தேன். சென்னைப் பையனைப் பற்றி அவள் ஒரு முறைகூட "சேர்ந்து நன்றாக இருப்போமா" என்று கேட்கவில்லை. "எப்போது நடக்கும்" என்றுதான் மூன்று தடவை கேட்டாள். கோயம்புத்தூர் வரனைப் பற்றி "மறுத்தால் தோஷமா" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்; பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். அவள் கேட்டது, "அவருக்குக் கோபம் வருமா மாமா, ஜாதகத்தில் தெரியுமா?" என்று. தான் வேண்டாம் என்று சொல்லப்போகிற ஒருவனின் கோபத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கூட வாழ நினைக்கிறவனைப் பற்றித்தான் கேட்பார்கள்.

"அவரோடு பேசினாயா?"

"ஒரு தடவை. நாற்பது நிமிடம்." கொஞ்சம் தயங்கினாள். "நல்லவர் மாமா. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. மோசமானவராக இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்."

"இவன்?"

"இவனும் நல்லவன்தான். தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும் என்கிறான். இரண்டு வருடமாகச் சொல்கிறான்."

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இது அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவிலான வழக்கு, சாதிக்கும் காதலுக்கும் நடுவிலான வழக்கு. நானும் அப்படித்தான் நினைத்து, ரஜ்ஜுவை உடைத்துக் கொடுத்தால் பெண் சந்தோஷப்படுவாள் என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ரஜ்ஜு உடைந்ததும் அவள் முகத்தில் வெளிச்சம் வரவில்லை, இன்னும் வாடியது. அந்த ரஜ்ஜு அவளுக்கும் ஒரு வசதியாக இருந்திருக்கிறது. "நான் என்ன செய்வேன், ஜாதகம் ஆகவில்லை" என்று சென்னைப் பையனிடம் சொல்லிவிட்டு, யாரையும் ஏமாற்றாதவளாகக் கோயம்புத்தூருக்குப் போய்விடலாம். அல்லது அது தப்பு என்று நான் சொன்னால், அப்பாவை எதிர்க்கக் கிரகமே துணைக்கு வந்த மாதிரி. இரண்டில் ஒன்றை நான் கையில் கொடுப்பேன் என்று வந்தவளிடம் நான் இரண்டையும் பிடுங்கிக்கொண்டேன்.

மறுப்பின் மரியாதையான சொல் பெற்றோருக்கு மட்டும் என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

சரி, பேச்சுக்குப் பேச்சு. இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். சென்னைப் பையனிடம் தங்கை கல்யாணத்தைப் பற்றிப் பேசாதே. உன் வீட்டுக்கு அவன் அப்பா அம்மாவோடு எந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று தேதி கேள். அவன் சொல்லும் பதிலைவிட அந்தத் தேதியைச் சொல்ல அவன் எடுத்துக்கொள்ளும் நாட்களைக் கவனி. கோயம்புத்தூர்க்காரரிடம், நிச்சயதாம்பூலம் மாற்றுவதற்கு முன், இப்படி ஒருவன் இருந்தான் அல்லது இருக்கிறான் என்று உன் வாயால் சொல். தட்டு மாற்றிய பிறகு தெரிந்தால் அது இரண்டு குடும்பத்துக்குமான அவமானமாகிவிடும். முன்னால் தெரிந்தால் ஒரு மனிதருக்கான செய்தி மட்டும். அவருக்குக் கோபம் வருமா என்று கேட்டாயே, அதற்கும் அன்றைக்கே விடை தெரிந்துவிடும். ஜாதகத்தில் செவ்வாயைத் தேட வேண்டாம்.

"இரண்டு பேருமே வேண்டாம் என்று தோன்றினால்?"

"அதற்கும் ஒரு நாள் இருக்கிறது."

நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துக்கொடுத்தேன். வெற்றிலைத் தட்டில் நூறு ரூபாய் வைத்தாள். நண்பன் மகளிடம் வாங்குவதா என்று தோன்றியது, ஆனால் வாங்கிக்கொண்டேன். தட்சிணை கொடுக்காமல் போனால் அவள் மறுபடி கேள்வி கேட்கக் கூச்சப்படுவாள்.

பத்து நாள் கழித்து அவள் அம்மா வந்தார். மகள் வந்தது தெரிந்துவிட்டிருந்தது. கோபமாக வந்திருப்பார் என்று பார்த்தால், கைப்பையிலிருந்து இரண்டு சிறிய பொட்டலங்களை எடுத்து மேசை மேல் வைத்தார். ஆலமரத்து இலையில் மடித்து நூல் சுற்றியவை. பூக்கட்டிப் பார்ப்பதற்கு, ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. அம்மன் சன்னதியில் வைத்து ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. மூன்று வெள்ளிக்கிழமையாகக் கட்டிக்கொண்டு போய், மூன்று வெள்ளிக்கிழமையும் சன்னதி வரை போய்விட்டு வைக்காமல் திரும்பிவிட்டாராம். இலை காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"எது வந்தால் என்ன என்று முடிவு செய்துவிட்டுத்தானே அண்ணா வைக்க வேண்டும்? எனக்கு வெள்ளை எதற்கு, சிவப்பு எதற்கு என்று ஒவ்வொரு தடவையும் மாறிப்போகிறது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி காபி கொண்டுவந்தாள். அவர் பாதி குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தார். பிறகு, யாரிடமும் கேட்காத மாதிரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அவளுக்கு முதல் அழுகை கேட்டபோது வார்டில் கடிகாரம் இரண்டு நாற்பது என்று நர்ஸ் சொன்னாள். அந்தக் கடிகாரம் சரியாக ஓடியதா என்று நான் கேட்கவே இல்லையே. அது பரவாயில்லையா?"

"பத்து நிமிடம் முன்பின் இருந்தாலும் அன்றைக்குச் சித்திரைதான் அண்ணி, திருக்கணிதப்படி."

"சித்திரை" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பொட்டலங்களை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அந்தப் பழைய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை நாலு நாளைக்குக் கொடுக்க முடியுமா, அவள் அப்பா பார்க்க வேண்டும் என்கிறார் என்றார்.